மூக்கடியில் தைலம்: கைக்குழந்தைக்கு மூச்சு ஏன் திணறுகிறது?

"பிள்ளைக்கு மூக்கடைப்பா? கொஞ்சம் தைலம் எடுத்து மூக்கடியில தேச்சு விடுங்க, மூச்சு லேசாயிடும்." கோப்பெங்கிலும் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களிலும் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. ஆசிரியர்களாகிய உங்களிடமும் பெற்றோர் இதைச் சொல்லியிருப்பார்கள். பாலர் பள்ளிப் பிள்ளையின் பையில் ஒரு சின்னத் தைலப் புட்டி இருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முகத்தருகே இந்தத் தைலம் போனால், திறக்க வேண்டிய மூச்சு அடைபடக்கூடும். ஏன் என்று தெரிந்துகொள்ள பெரிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. படிவம் 3 அறிவியலில் வரும் சுவாசப் பாடமும் கொஞ்சம் கணக்கும் போதும். அதனால்தான் இதைத் தேர்வு மாணவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

எவற்றைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் கோடாலித் தைலம், புலித் தைலம், விக்ஸ், நீலகிரித் தைலம், மலாய்க்காரர் கடையில் வாங்கும் மின்யாக் அங்கின் ஆகியவற்றின் பெயர்தான் வேறு வேறு. பெரும்பாலும் உள்ளே இருப்பவை மூன்று பொருள்களே: மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய். ஒவ்வொன்றிலும் அளவு மாறும். நெஞ்சில் தடவும் விக்ஸ் வகைக் களிம்பில் கற்பூரம் ஏறக்குறைய 5 விழுக்காடு, மெந்தால் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, யூகலிப்டஸ் எண்ணெய் 1 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். சின்னப் புட்டியில் வரும் திரவத் தைலங்கள் பல இதைவிடக் காரமானவை. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

இவை மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். தோலில் தடவினாலும் பெரும்பகுதி மூக்கு வழியாக உள்ளே போவது அதனால்தான். மூக்கடியில் தடவினால் குழந்தை இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்த ஆவியோடுதான் போகும். குழந்தையால் முகத்தைத் திருப்பவோ, "போதும், எரியுது" என்று சொல்லவோ முடியாது.

அமெரிக்காவில் ஒரு 18 மாதக் குழந்தை

இந்த ஆபத்தை மருத்துவ உலகம் நன்றாகக் கவனிக்க ஒரு சம்பவம் காரணமாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் 18 மாதப் பெண் குழந்தை ஒன்று கடும் மூச்சுத் திணறலோடு வந்தது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. மூச்சு லேசாக வேண்டும் என்று வீட்டார் மூக்குக்கு நேர் கீழே விக்ஸ் களிம்பைத் தடவியிருந்தார்கள். சிகிச்சைக்குப் பின் குழந்தை தேறியது. ஆனால் மருத்துவர்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சியது: இது சளியின் வேலையா, தைலத்தின் வேலையா?

டாக்டர் புரூஸ் ரூபினும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் விலங்கின் மூச்சுக்குழலை எடுத்துக்கொண்டார்கள். மனித மூச்சுக்குழலோடு ஒப்பிடுவதற்கு அது ஏற்றது. ஆரோக்கியமான குழலிலும், சளிக் காய்ச்சல்போல் அழற்சி ஏற்படுத்திய குழலிலும் களிம்பின் விளைவைப் பார்த்தார்கள். 2009 ஜனவரியில் 'செஸ்ட்' என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது.

இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, களிம்பு பட்ட குழலில் கோழை அதிகமாகச் சுரந்தது. இரண்டு, கோழையைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகள், அதாவது பாடத்தில் நீங்கள் படிக்கும் சிலியா, மெதுவாக அசைந்தன. உடல் இந்த ஆவியை ஓர் எரிச்சலூட்டும் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. மிளகாய் நெடி பட்டால் மூக்கு ஒழுகுகிறதே, அதைப்போல. வெளியே தள்ளுவதற்காகவே சவ்வு கோழையைச் சுரக்கிறது. பெரியவர்களுக்கு இது ஒரு தும்மலோடு போய்விடும். 18 மாதக் குழந்தைக்கு அப்படிப் போகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை, மாணவர்களே. ஒரு குழந்தையின் சம்பவமும் ஒரு விலங்கு ஆய்வும் சேர்ந்தால் முழு நிரூபணம் ஆகிவிடாது. தங்கள் பொருள் இரண்டு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது, மூக்கில் தடவக் கூடாது என்று லேபிளிலேயே எழுதியிருப்பதைத் தயாரிப்பாளர் சுட்டிக்காட்டினார்கள். அது சரிதான். பிரச்சினை என்னவென்றால், அந்த லேபிளைப் படிக்காமல் நாம் தடவுவதுதான்.

"குளிர்ச்சியா இருக்கே!" என்றால் காற்று அதிகம் போகிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தத் தலைப்பிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி இதுதான்.

நம் தோலிலும் மூக்குச் சவ்விலும் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் டி.ஆர்.பி.எம்.8 என்று பெயரிட்ட ஒரு புரதம் உண்டு. குளிர்ந்த காற்று பட்டால் அது திறந்து, "குளிர்கிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மெந்தாலும் அதே புரதத்தைத் திறக்கும். குளிரே இல்லாதபோதும் குளிர்வதாக மூளை நினைத்துக்கொள்ளும். மூக்கில் நிறையக் காற்று ஓடும்போது சவ்வு குளிர்வது வழக்கம். அந்தப் பழக்கத்தால், "காற்று நன்றாக ஓடுகிறது" என்று மூளை முடிவு செய்துவிடுகிறது.

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் என்பவர் இதை அளந்து பார்த்தார். சளி பிடித்தவர்களுக்கு மெந்தால் மிட்டாய் கொடுத்து, மூக்கின் வழியே காற்று ஓடுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று கருவியால் அளந்தார். ஆட்கள் "மூக்கு திறந்துவிட்டது" என்றார்கள். கருவியோ மாற்றம் எதையும் காட்டவில்லை.

பெரியவருக்கு இந்த ஏமாற்று சுகமாகவே இருக்கும், தூங்கவும் உதவும். குழந்தைக்கோ அடைப்பு அப்படியே இருக்கிறது. பிள்ளை சற்று அமைதியானால் நாம்தான் "சரியாப் போச்சு" என்று நம்பி, கவனிப்பதை விட்டுவிடுகிறோம்.

சின்னக் குழாயின் கணக்கு

கோழை கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் வழியே காற்று சீராக ஓடும்போது அதற்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் இருக்கும்.

R ∝ 1 / r⁴

புரிவதற்காக எளிய எண்களை எடுப்போம். பெரியவரின் மூச்சுப்பாதை விட்டம் 8 மி.மீ., குழந்தையுடையது 4 மி.மீ. இருவருக்கும் உள்சுவர் முழுக்க 1 மி.மீ. தடிப்புக்கு வீக்கமும் கோழையும் படிகின்றன.

பெரியவருக்கு: ஆரம் 4 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆகிறது. தடை (4 ÷ 3)⁴, அதாவது ஏறக்குறைய 3 மடங்கு.

குழந்தைக்கு: ஆரம் 2 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ. ஆகிறது. தடை (2 ÷ 1)⁴, அதாவது 16 மடங்கு.

அதே 1 மி.மீ. கோழைதான். பெரியவருக்கு அது ஒரு சங்கடம், குழந்தைக்கு மூச்சே போராட்டம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்து முதல் சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் சுவாசிக்கும். மூக்கு அடைத்தால் நம்மைப்போல் உடனே வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. பால் குடிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ரெண்டு வாய் குடித்ததும் விட்டுவிட்டு அழும்.

மூச்சே நின்றுபோவது

மிகச் சிறிய குழந்தைகளிடம் மட்டும் இன்னொரு ஆபத்து உண்டு. மூக்கின் உட்புறத்தில் கடுமையான நெடி பட்டால், நுரையீரலைக் காப்பதற்காக உடல் மூச்சைச் சட்டென்று நிறுத்தும். குரல்வளையும் இறுகும். இது யோசித்துச் செய்வதல்ல, அனிச்சைச் செயல். நாம் அமோனியா புட்டியை முகர்ந்தால் மூச்சு ஒரு கணம் நிற்கிறதே, அதேதான். நமக்கு உடனே மூச்சு திரும்பிவிடும். பச்சிளங் குழந்தைக்கு இந்த நிறுத்தம் நீளலாம். குறைமாதக் குழந்தைகளின் மூக்கருகே மெந்தாலைக் காட்டிச் செய்த சோதனையில் சிலருக்கு மூச்சு நின்றது 1980-இலேயே பதிவாகியுள்ளது. கைக்குழந்தையின் மூக்கில் மெந்தால் துளி விடுவதை மருத்துவ நூல்கள் தடுப்பது இதனால்தான்.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் சூடாக்கினால்?

நம் பாட்டிமார் வழக்கம் இது. பூசைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, சூடாக்கிக் கரைத்து, பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பார்கள். "கடையில வாங்குறதுதான் ரசாயனம், இது இயற்கை" என்ற நம்பிக்கையும் உண்டு. கணக்கு வேறு சொல்கிறது. 18 கிராம் எண்ணெயில் 2 கிராம் கற்பூரம் போட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 கிராம். அதில் கற்பூரம் 10 விழுக்காடு, கடைக் களிம்பைப்போல் இரண்டு மடங்கு. இன்னொரு வில்லை சேர்ந்தால் 18 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1980களில் 11 விழுக்காட்டுக்கு மேல் கற்பூரம் உள்ள மருந்துகளைக் கடையில் விற்கத் தடை விதித்தது. வீட்டில் காய்ச்சும்போது அந்த எல்லையைத் தாண்டுவது நமக்கே தெரியாது.

கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் சேரும். மூளையைத் தூண்டி வலிப்பை உண்டாக்கும். வலிப்பு வந்தால் மூச்சும் பாதிக்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் மூன்று குழந்தைகளுக்கு இப்படி வலிப்பு வந்ததற்கு வீட்டில் புழங்கிய கற்பூரமே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்து 2009-இல் எழுதினார்கள். பிள்ளை வில்லையை எடுத்து வாயில் போட்டால் ஆபத்து பல மடங்கு. ஏறக்குறைய 1 கிராம் கற்பூரமே சிறு குழந்தையின் உயிரைப் பறித்த பதிவு மருத்துவ நூல்களில் உண்டு. பூசை மேசைக் கற்பூரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். மலாயில் 'காப்பூர் பாருஸ்' என்றால் கற்பூரம். ஆனால் கடையில் அந்தப் பெயரில் பெரும்பாலும் கிடைப்பது துணிக்கு வைக்கும் பூச்சி உருண்டை. அதில் இருப்பது நாப்தலின். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்வது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நாப்தலின் நெடி இரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். ஆகவே பெயரை நம்பி இதை வாங்கிப் பிள்ளைக்குப் பயன்படுத்தவே கூடாது.

அப்படியானால் யாருமே தைலம் தடவக் கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2 முதல் 11 வயது வரையான 138 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. படுக்கும் முன் நெஞ்சிலும் கழுத்திலும் ஆவிக் களிம்பு தடவிய பிள்ளைகள் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் தோல் எரிச்சல், கண் எரிச்சல் போன்றவை அதிகம் காணப்பட்டதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆக, வயதும் தடவும் இடமும்தான் முக்கியம். இரண்டு வயதுக்கு மேல், லேபிளில் சொன்னபடி, நெஞ்சில் மெல்லியதாக. மூக்கடி, உதடு, கன்னம் எதிலும் வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு வயது எதுவானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

பிள்ளையின் கையில் தடவினாலும் அது முகத்துக்குப் போய்விடும், கண்ணைக் கசக்கும், விரலைச் சூப்பும். தலையணையில், தொட்டில் துணியில் சொட்டு விடுவதும், அறையில் நறுமண எண்ணெய்ப் புகைக்கருவி ஓட்டுவதும் இதே கதைதான். தைலம் தேய்த்துக்கொண்ட பாட்டி அப்படியே பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொள்வதும் இதில் சேரும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, துணி மாற்றிக்கொண்டு தூக்கலாம்.

ஏற்கெனவே தடவிவிட்டால்

பதற வேண்டாம், வரிசையாகச் செய்யுங்கள். பிள்ளையை அந்த அறையிலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு போங்கள். தடவிய இடத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தைலம் எண்ணெய்ப் பசை உள்ளது, வெறும் தண்ணீர் ஊற்றினால் பரவும். பிறகு மெல்லிய சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். உடையை மாற்றுங்கள். நிமிர்த்தி வைத்துக்கொண்டு மூச்சைக் கவனியுங்கள்.

கவனிப்பது எப்படி? சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இது: 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே மூச்சு வேகம் என்று பொருள், கிளினிக்குக்குப் போங்கள். விலா எலும்புக்குக் கீழே சதை உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, முனகுவது, பால் குடிக்க முடியாமல் போவது, உதடு நீலமாவது, மூச்சு விட்டு விட்டு வருவது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். 999 அழையுங்கள். ஈப்போ மருத்துவமனை வரை சொந்தக் காரில் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், வலிப்பும் சில நிமிடங்களிலேயே வரலாம். பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவருக்கு அந்த லேபிள் தேவை.

அப்புறம் மூக்கடைப்புக்கு என்னதான் செய்வது?

மருந்தகத்தில் 0.9 விழுக்காடு உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டு, இளகிய கோழையை மென்மையாக உறிஞ்சி எடுக்கலாம். இது நரம்பை ஏமாற்றுவதில்லை, கோழையையே நீக்குகிறது. வித்தியாசம் அதுதான். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தருகே ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கொட்டிச் சுட்டுவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் "உங்க வைத்தியம் தப்பு" என்று சொல்வதைவிட, "பாட்டி, தைலம் உங்க முட்டிக்கு, சொட்டு பிள்ளை மூக்குக்கு" என்று சொல்லிப் பாருங்கள், எளிதாக ஏற்பார்கள்.

வகுப்பில் கேட்க மூன்று வினாக்கள்

1. மெந்தாலை முகர்ந்தவர் "மூக்கு திறந்தது" என்கிறார், கருவி மாற்றம் காட்டவில்லை. காரணம் என்ன? (விடைக்குறிப்பு: குளிர் உணரும் நரம்பு முனை தூண்டப்படுகிறது. காற்றுப்பாதையின் அகலம் மாறுவதில்லை.)

2. ஒரு குழந்தையின் மூச்சுப்பாதை ஆரம் 2 மி.மீ.யிலிருந்து 1.5 மி.மீ. ஆனால் தடை எத்தனை மடங்காகும்? (விடைக்குறிப்பு: (2 ÷ 1.5)⁴, ஏறக்குறைய 3.2 மடங்கு. அரை மி.மீ. கோழைக்கே இவ்வளவு.)

3. ஃபெரட் ஆய்வின் முடிவை நேரடியாக மனிதக் குழந்தைக்குப் பொருத்துவதில் உள்ள ஒரு வரம்பைக் கூறுக. அப்படியிருந்தும் மூக்கடியில் தைலம் தடவுவதைத் தவிர்ப்பது ஏன் சரியான முடிவு? (விடைக்குறிப்பு: விலங்கு வேறு, சூழல் வேறு. ஆயினும் தடவுவதால் அடைப்பு நீங்குவதில்லை, ஆபத்து மட்டும் உண்டு, பாதுகாப்பான மாற்று கையில் இருக்கிறது.)